கண்ணைத் தட்டினா கரன்ட் மறையும்!

போன வாரம் ஞாயித்துக்கிழமை மத்தியானம், பிரியாணிக்கு அப்புறம் வரும் அந்தத் தெய்வீகத் தூக்கத்துல இருந்தேன். சித்தி பையன்கிட்ட இருந்து போன். திருச்சி பக்கம் சிவில் கடைசி வருஷம் படிக்கிறான். லீவு நாள்ல ஒரு கட்டட இன்ஜினீயர்கிட்ட இன்டர்ன்ஷிப். எடுத்ததும், "அண்ணே, சுவத்துல ஓட்டை விழுந்திருச்சு"ன்னான். குரல்ல கண்ணீர் வாடை.

"ஓட்டை விழுந்தா பூசிக்க வேண்டியதுதானேடா..?"

"இல்லண்ணே... பெட்ரூம்ல நின்னு பார்த்தா பாத்ரூம்ல வேலை செய்யற பிளம்பர் தெரியறாரு!"

தூக்கம் போயே போச்சு.

நடந்தது இதுதான். ரெண்டு பெட்ரூம் வீடு. தரைத்தளத்துக்குப் பிளான் வரையற பொறுப்பு நம்ம பயலோடது. சுவர், கதவு, ஜன்னல், கட்டில், பீரோ, லைட், ஃபேன், சுவிட்ச் போர்டு, தண்ணி பைப், கழிவு பைப், அளவுகள்னு எல்லாத்தையும் ஆட்டோகேட்ல ஒரே ஃபைல்ல வரைஞ்சிருக்கான். தப்பில்லை, அப்படித்தான் வரையணும். தனித்தனி லேயர்லதான் வரைஞ்சிருக்கான். அதையும் பாராட்டுவோம். கடைசியா அதை ஒரு பி.டி.எஃப்.பா மாத்தி, சைட்ல இருக்கற எலக்ட்ரீஷியன் அண்ணனுக்கும் பிளம்பர் அண்ணனுக்கும் வாட்ஸ்அப்ல தட்டிவிட்டான். கூடவே ஒரு மெசேஜ்: 'அண்ணே, லேயர் இருக்கு, வேண்டாததை ஆஃப் பண்ணிட்டுப் பாருங்க.'

எலக்ட்ரீஷியன் அண்ணன் போன்ல திறந்து பார்த்திருக்கார். லேயரும் இல்லை, ஒண்ணும் இல்லை. இடியாப்பத்துல நூடுல்ஸைக் கலந்த மாதிரி கோடு மேல கோடு. கண்ணைச் சுருக்கி, உத்தேசமா புரிஞ்சிக்கிட்டு, பெட்ரூம் பக்கம் காடி வெட்டி பாக்ஸ் பதிக்க ஆரம்பிச்சுட்டார். அந்தப் பக்கம் பாத்ரூம்ல பிளம்பர் அண்ணன் அதே சுவர்ல, அதே இடத்துல, ஷவருக்கு பைப் ஏத்த காடி வெட்டிக்கிட்டு இருந்தார். ரெண்டு உளியும் நடுவுல கை குலுக்கிடுச்சு!

கணக்கு போட்டுப் பாருங்க. அது நாலரை இன்ச் தடுப்புச் சுவர். சுவிட்ச் போர்டோட இரும்பு பாக்ஸ் உள்ளே போக சுமார் 2 இன்ச். பைப் புதைஞ்சு, மேல பூச்சும் நிக்கணும்னா அந்தப் பக்கம் சுமார் ஒன்றரை இன்ச். மிச்சம் இருக்கறது 1 இன்ச் செங்கல். அந்த 1 இன்ச், ரெண்டு பக்கமும் சுத்தியல் அடியைத் தாங்குமா?

"லேயர் வெச்சுத்தானே அனுப்பினேன், ஏன் அவருக்குத் தெரியலை?" இதுதான் பயலோட கேள்வி. சிவில், ஆர்க்கிடெக்சர், ட்ரிபிள்-ஈ மக்கள் எல்லாருக்கும் என்னைக்காவது வரப்போற கேள்விதான் இது. அதனால இந்த வாரம் நம்ம மேட்டர் பி.டி.எஃப். லேயர்.

முதல்ல கொஞ்சம் ஃப்ளாஷ்பேக். கம்ப்யூட்டர் வர்றதுக்கு முன்னாடியே இந்த ஐடியா உண்டு. சுவர் மட்டும் ஒரு ட்ரேசிங் ஷீட்ல இருக்கும். எலக்ட்ரிகலுக்கு ஒண்ணு, பிளம்பிங்குக்கு ஒண்ணு. எல்லா ஷீட்டுக்கும் ஒரே இடத்துல ஓட்டை போட்டு, போர்டுல இருக்கற பின்ல மாட்டுவாங்க. அப்பதான் ஷீட்டுங்க ஒரு மயிரிழை கூட நகராது. எது வேணுமோ அதை மட்டும் அடுக்கி பிரின்ட் எடுப்பாங்க. கேட்ல வர்ற லேயர் அந்த ட்ரேசிங் ஷீட்டோட பேரப் பிள்ளை.

பி.டி.எஃப்.புக்கு இந்த வசதி வந்தது 2003-ல. அந்த வருஷம் அக்ரோபாட் 6 வந்தப்போ, கூடவே பி.டி.எஃப். 1.5 வந்துச்சு. அதுலதான் லேயர் நுழைஞ்சது. 2008-ல பி.டி.எஃப். ஐ.எஸ்.ஓ. தரமா மாறினப்பவும் இது அதுக்குள்ள இருந்துச்சு. ஆனா அங்கே இதோட பேர் லேயர் இல்லை, Optional Content. 'விருப்பப்பட்டா காட்டு, இல்லைன்னா விடு'ங்கற மாதிரி. லேயர்ங்கற பேரைவிட இதுதான் உண்மைக்குப் பக்கத்துல இருக்கு. ஏன்னு சொல்றேன்.

லேயர்னதும் நாம என்ன நினைக்கிறோம்? மூணு கண்ணாடித்தாள் ஒண்ணு மேல ஒண்ணு இருக்கற மாதிரி. பி.டி.எஃப்.புக்குள்ள அப்படித் தாள் எதுவும் கிடையாது. ஒரு பக்கத்துக்கு ஒரே ஒரு நீளமான கட்டளைப் பட்டியல்தான். 'இங்கே போ, அங்கே வரைக்கும் கோடு இழு, மை பூசு'ன்னு வரிசையா இருக்கும். அந்தப் பட்டியலுக்கு நடுவுல சில இடத்துல 'இதுல இருந்து எலக்ட்ரிகல்'னு ஒரு சீட்டு, 'எலக்ட்ரிகல் முடிஞ்சது'ன்னு இன்னொரு சீட்டு. அவ்ளோதான். சுருக்கத்தைப் பிரிச்சுப் பார்த்தா இப்படி இருக்கும்:

```
/OC /MC0 BDC
0.5 w
100 200 m
100 416 l
S
EMC
```

பயப்படாதீங்க, ரொம்ப சிம்பிள். முதல் வரி சீட்டு ஆரம்பம், கடைசி வரி சீட்டு முடிவு. `w` கோட்டோட தடிமன், `m` பேனாவைக் கொண்டுபோய் வைக்கிறது, `l` கோடு, `S` மை பூசறது. பி.டி.எஃப்.ல ஒரு யூனிட்னா ஒரு இன்ச்ல 72-ல ஒரு பங்கு. இங்கே கோடு 200-ல இருந்து 416 வரைக்கும், அதாவது 216 யூனிட், 3 இன்ச். கால் இன்ச்சுக்கு ஒரு அடிங்கற ஸ்கேல்ல அது 12 அடி. ஒரு ரூமோட முழுநீளத்துக்கு ஓடற வயர்னு வெச்சுக்கோங்க.

இந்த `MC0` யாருன்னு ஃபைலோட இன்னொரு மூலையில எழுதியிருக்கும்: 'அவர்தான் எலக்ட்ரிகல்.' அப்புறம் ஒரு பொதுப் பட்டியல். இந்த ஃபைல்ல மொத்தம் எந்தெந்த லேயர் இருக்கு, திறக்கும்போது எதெல்லாம் ஆன், எதெல்லாம் ஆஃப், பக்கவாட்டுல எந்த வரிசையில பேர் காட்டணும்... எல்லாம் அதுல. நீங்க கண் படத்தைத் தட்டினதும் வியூவர் சாஃப்ட்வேர் பக்கத்தை மறுபடி முதல்ல இருந்து வரையுது. சீட்டு ஒட்டின பகுதி வந்ததும் 'நீ ஆஃப்'னு தாண்டிப் போயிடுது. எதையும் அழிக்கறதில்லை, எதையும் மேல கீழ நகர்த்தறதில்லை.

இதுல இருந்தே பயலோட கேள்விக்குப் பாதி பதில் வந்துடுது. சீட்டு ஒட்டியிருக்கணும், அந்தச் சீட்டைப் படிக்கத் தெரிஞ்ச வியூவரும் வேணும். ரெண்டுல ஒண்ணு இல்லைன்னாலும் இடியாப்பம்தான்.

நான் ஃபைலை அனுப்பச் சொல்லி என் கம்ப்யூட்டர்ல, அக்ரோபாட் ரீடர்ல திறந்தேன். பக்கவாட்டுல Layers பேனலைப் பார்த்தா காலி. அப்ப தப்பு போன்ல இல்லை, பிறந்த இடத்துலேயே. "எப்படிடா பி.டி.எஃப். பண்ணினே?" "பிளாட் போட்டு, பிரின்டர் லிஸ்ட்ல Microsoft Print to PDF கொடுத்தேண்ணே."

அங்கேதான் சனி உக்காந்திருந்தார்! அது ஒரு டம்மி பிரின்டர். ஆட்டோகேட் அதுக்கிட்ட படத்தைக் கொடுக்கும்போது காகிதத்துல பிரின்ட் போடற மாதிரிதான் கொடுக்கும். காகிதத்துக்கு லேயர் ஏது? கோடு எல்லாம் போகும், சீட்டு ஒண்ணுகூட போகாது. இந்த வகை பொதுவான பி.டி.எஃப். பிரின்டர் எல்லாத்துக்கும் இதே கதைதான்.

சரியான வழி இது. பிளாட் டயலாக்ல பிரின்டர் பேரா `DWG To PDF.pc3` எடுங்க. புது வெர்ஷன்ல பக்கத்துலேயே PDF Options பட்டன் வரும். பழைய வெர்ஷன்னா Properties-க்குள்ள போய் Custom Properties. உள்ளே Include layer information-னு ஒரு சின்ன டிக் இருக்கும். அந்த டிக்தான் எல்லாம். டிக் இல்லாம இதே பிரின்டர்ல போட்டாலும் சீட்டு வராது.

பயல் டிக் பண்ணி மறுபடி அனுப்பினான். திறந்தேன். பேனல்ல பேர் எல்லாம் வந்துடுச்சு. ஆனா பிளம்பிங்கைக் காணோம்! கேட்டா, "கசகசன்னு இருக்கேன்னு கேட்லயே பிளம்பிங்கை ஆஃப் பண்ணிட்டு பிளாட் போட்டேண்ணே. அதான் பி.டி.எஃப்.ல ஆன் பண்ணிக்கலாமே?"

இல்லை மகனே. கேட்ல ஆஃப் பண்ணின லேயரும் ஃப்ரீஸ் பண்ணின லேயரும் பி.டி.எஃப்.புக்குப் போகவே போகாது. பிளாட் ஆகாத லேயர்னு மார்க் பண்ணியிருந்தாலும் அப்படித்தான். ஆஃப் ஆன நிலையில உள்ளே உக்காந்திருக்கும்னு நினைச்சா ஏமாந்தோம். பிளாட் போடும்போது கண்ணுக்குத் தெரியறதுதான் உள்ளே போகும். அதனால எல்லாத்தையும் ஆன் பண்ணி, கேட் திரை இடியாப்பமா இருக்கும்போதே பிளாட் போடணும். அசிங்கமாத்தான் இருக்கும். பரவாயில்லை, பிரிக்கறது அப்புறம்.

மூணாவது ஃபைல் வந்துச்சு. இப்ப எல்லாம் இருக்கு. ஆனா லேயர் பட்டியல்ல 43 பேர்! 'Layer1', 'Layer1 copy', 'new', 'new new', 'sir sonnathu'ன்னு ஒரு லேயர் கூட இருந்துச்சு. (எந்த சார், என்ன சொன்னார்னு இன்னிக்கு வரைக்கும் தெரியலை.) கேட்ல நீங்க என்ன பேர் வெச்சீங்களோ அதுதான் பி.டி.எஃப்.லயும் வரும். சைட்ல இருக்கறவர் அந்தப் பேரைப் பார்த்துத்தான் தட்டணும். 'new new'வைத் தட்டினா கக்கூஸ் பைப் மறையும்னு அவருக்கு எப்படித் தெரியும்?

அமெரிக்காவோட நேஷனல் கேட் ஸ்டாண்டர்டுல இதுக்கு ஒரு அழகான பழக்கம் இருக்கு. நம்ம ஊர் ஆபீஸ்கள்லயும் அதைப் பார்க்கலாம். பேரோட முதல் எழுத்து எந்தத் துறைன்னு சொல்லிடும். `A` ஆர்க்கிடெக்சர், `S` ஸ்ட்ரக்சர், `E` எலக்ட்ரிகல், `P` பிளம்பிங். அப்புறம் ஒரு கோடு போட்டு நாலெழுத்து. சுவர் `A-WALL`, லைட் `E-LITE`, பவர் பாயின்ட் `E-POWR`, குடிநீர் பைப் `P-DOMW`, கழிவு பைப் `P-SANR`. அகர வரிசையில அடுக்கினா துறை துறையா தானா சேர்ந்து நிக்கும். ஒரு வீட்டுக்கு எட்டு பத்து லேயர் தாராளம். பயலை உக்கார வெச்சு 43-ஐ 9-ஆ குறைச்சோம். அதுக்கே ராத்திரி ஆயிடுச்சு.

இப்ப ஒரு டெஸ்ட் சொல்றேன், ரெண்டு நிமிஷ வேலை. ரீடர்ல `E`-ல ஆரம்பிக்கற எல்லாத்தையும் ஆஃப் பண்ணுங்க. ஷீட்ல ஒரு ஃபேன், ஒரு சுவிட்ச் மிச்சம் இருக்கக்கூடாது. இருந்தா அது வேற லேயர்ல தப்பாப் பொறந்த பிள்ளை. அடுத்து தலைகீழா, `E` மட்டும் ஆன், மத்தது எல்லாம் ஆஃப். சுவரோட துண்டு ஏதாவது தெரிஞ்சா அதுவும் தப்பு. இதே மாதிரி பிளம்பிங்குக்கும். பயலோட ஃபைல்ல எலக்ட்ரிகல் மொத்தத்தையும் ஆஃப் பண்ணின பிறகும் ஹால்ல மூணு ஃபேன் மட்டும் கம்பீரமா நின்னுச்சு. எங்கேயோ டவுன்லோடு பண்ணின ஃபேன் பிளாக். அதுக்குள்ள இருக்கற கோடு எல்லாம் அதை வரைஞ்ச புண்ணியவானோட லேயர்ல இருந்துச்சு. பிளாக்குக்குள்ள கோடு `0`-ங்கற லேயர்ல இருந்தாத்தான், நீங்க அந்த பிளாக்கை வைக்கற லேயரோட அது சேரும். வேற லேயர்ல இருந்தா அது தன் ஊர்ப் பேரை விடாது. பிளாக்கைத் திருத்தி உள்ளே இருக்கறதை `0`-க்கு மாத்தினதும் மூணு ஃபேனும் அடங்குச்சு.

சரி, இப்ப ஃபைல் சுத்தம். அந்த ஓட்டைச் சுவருக்கு வருவோம். உண்மையிலேயே லேயர் எதுக்குன்னா இதுக்குத்தான்.

எல்லாத்தையும் ஆஃப் பண்ணி, `A-WALL` மட்டும் வெச்சேன். பெட்ரூமுக்கும் பாத்ரூமுக்கும் நடுவுல அந்த நாலரை இன்ச் சுவர். `E-POWR` ஆன். பெட்ரூம் பக்கம், கதவுல இருந்து ரெண்டு அடி தள்ளி போர்டு. ஒரு தப்பும் தெரியலை. அதை ஆஃப் பண்ணிட்டு `P-DOMW` ஆன். பாத்ரூம் பக்கம் ஷவர் டைவர்ட்டர், அதுல இருந்து பைப். இதுலயும் ஒரு தப்பும் தெரியலை. இப்ப ரெண்டையும் சேர்த்து ஆன். சுவரோட இந்தப் பக்கம் போர்டு, அந்தப் பக்கம் பைப், நேருக்கு நேர், முதுகோட முதுகு ஒட்டி! தனித்தனியா பார்த்தா ரெண்டும் நல்ல பிள்ளைங்க. சேர்த்து வெச்சாத்தான் சண்டை தெரியுது. சுவர், அதோட ரெண்டே ரெண்டு துறை. இப்படி ஜோடி ஜோடியா பார்க்கறதுதான் சூட்சுமம். எல்லாத்தையும் ஒண்ணா ஆன் பண்ணி வெச்சா, கட்டிலுக்கும் அளவுக்கோட்டுக்கும் நடுவுல இந்தச் சண்டை அமுங்கிப் போயிடும். அப்படித்தான் அமுங்கிச்சு.

ஆனா இங்கே ஒரு எச்சரிக்கை. பிளான்ங்கறது மேல இருந்து பார்க்கற படம். உயரம் அதுல தெரியாது. ஷீட்ல ரெண்டு குறி ஒரே இடத்துல வந்தா அது சந்தேகம்தான், தீர்ப்பு இல்லை. தரையில இருந்து ஒரு அடி உயரத்துல ஓடற பைப்பும், சீலிங் பக்கத்துல இருக்கற ஏ.சி. பாயின்ட்டும் பிளான்ல முட்டிக்கற மாதிரி தெரியும், நிஜத்துல ஒண்ணை ஒண்ணு பார்க்கக்கூட செய்யாது. அதனால அடுத்து உயரத்தைக் கேட்கணும். போர்டு தரையில இருந்து 4 அடி. டைவர்ட்டர் மூன்றரை அடி. 'அப்ப தப்பிச்சோமே'ன்னான் பயல். எங்கே தப்பிச்சோம்? டைவர்ட்டர்ல இருந்து பைப் மேல ஏறி 7 அடியில ஷவருக்குப் போகணும். போற வழியில போர்டோட முதுகைத் தேய்ச்சுட்டுத்தான் போகும். சண்டை உறுதி. (குறிக்குப் பக்கத்துலேயே உயரத்தைச் சின்னதா எழுதி வெச்சா, இந்தக் கேள்வியே வராது. அந்த எழுத்தும் அதே `E`, `P` லேயர்லதான் இருக்கணும்.)

போர்டை ஒன்றரை அடி நகர்த்தி புது டிராயிங் போட்டான். இனி சைட்டுக்கு அனுப்பணும். இங்கேயும் ஒரு பாறாங்கல் இருக்கு.

ரீடர்ல பிளம்பிங்கை ஆஃப் பண்ணி, அழகா எலக்ட்ரிகல் மட்டும் தெரியற மாதிரி வெச்சு, சேவ் பண்ணி எலக்ட்ரீஷியனுக்கு அனுப்பினா போதும்னுதானே நினைப்பீங்க? அவர் திறந்தா மறுபடி எல்லாம் ஆன்ல இருக்கும்! கண் படத்தைத் தட்டறது உங்க திரைக்கு மட்டும்தான். ஃபைல் திறக்கும்போது எது ஆன், எது ஆஃப்னு சொல்றது அந்தப் பொதுப் பட்டியல். அதை மாத்தணும்னா ரீடர் பத்தாது, காசு கொடுத்து வாங்கற அக்ரோபாட் ப்ரோ வேணும். அதுல லேயர் மேல ரைட் கிளிக் பண்ணி Layer Properties-க்குள்ள Default state-ஐ மாத்தணும். அதே பெட்டியில பிரின்ட்டுக்கும் தனியா ஒரு வரி இருக்கும். தெரியும்போது மட்டும் பிரின்ட் ஆகணுமா, எப்பவும் ஆகணுமா, எப்பவுமே கூடாதான்னு. அங்கே 'எப்பவும்'னு இருந்தா, திரையில மறைச்ச பைப் பேப்பர்ல பல்லை இளிச்சுட்டு வரும். ஏ3-ல பிரின்ட் எடுத்து 'கம்ப்யூட்டர்ல ஆஃப் பண்ணினேனே'ன்னு முழிக்கறவங்க இந்த வரியைப் பார்க்கணும்.

ப்ரோவுக்குக் காசு இல்லையா? நமக்கு எங்கே இருக்கு! பைத்தான் தெரிஞ்ச ஹாஸ்டல் நண்பனைப் பிடிங்க. பைமூபிடிஎஃப்னு ஒரு இலவச லைப்ரரி இருக்கு. சுவர், எலக்ட்ரிகல், பிளம்பிங் மூணையும் தனித்தனி பி.டி.எஃப்.பா பிளாட் பண்ணி வெச்சுக்கிட்டா, இது மூணையும் ஒரே ஷீட்ல லேயரா அடுக்கித் தரும். திறக்கும்போது எது ஆன்ங்கறதும் உங்க கையில.

```python
import pymupdf
base = pymupdf.open("wall.pdf")
r = base[0].rect
out = pymupdf.open()
page = out.new_page(width=r.width, height=r.height)
sheets = [("A-WALL", "wall.pdf", True),
          ("E-POWR", "elec.pdf", True),
          ("P-DOMW", "plumb.pdf", False)]
for name, f, on in sheets:
    oc = out.add_ocg(name, on=on)
    src = pymupdf.open(f)
    page.show_pdf_page(page.rect, src, 0, oc=oc)
out.save("veedu.pdf")
```

இதுல பிளம்பிங்குக்கு எதிர்ல False இருக்கறதால திறக்கும்போது அது மறைஞ்சிருக்கும், தட்டினா வரும். ஒரே ஒரு நிபந்தனை, பழைய பின் போர்டு ஞாபகம் இருக்கா? மூணு ஷீட்டும் ஒரே பேப்பர் சைஸ், ஒரே ஸ்கேல், ஒரே ஜன்னல் எல்லையில பிளாட் ஆகியிருக்கணும். 'பேப்பருக்குப் பொருந்தற மாதிரி' ஆப்ஷனைக் கொடுத்தா ஒவ்வொண்ணும் அதது இஷ்டத்துக்குப் பெருசு சின்னதாயிடும், போர்டு சுவரை விட்டு வெளியே தொங்கும். மூணு ஷீட்டோட மூலையிலயும் ஒரு சின்ன கூட்டல் குறி போட்டு வைங்க. அடுக்கின பிறகு ஒரே ஒரு கூட்டல் தெரிஞ்சா சரி, மூணு தெரிஞ்சா தப்பு. ஸ்கேன் பண்ணின ஷீட்டை இதுல போடாதீங்க. அதோட வெள்ளைப் பின்னணி கீழே இருக்கற எல்லாத்தையும் போர்வை மாதிரி மூடிடும்.

அடுத்தது வியூவர். கம்ப்யூட்டர்ல அக்ரோபாட் ரீடர், ஃபாக்ஸிட் ரெண்டுலயும் லேயர் பேனல் உண்டு. ஃபயர்பாக்ஸ் பிரவுசர்லயே பக்கவாட்டுப் பட்டியைத் திறந்தா லேயர் பட்டியல் கிடைக்கும். லினக்ஸ் மக்களுக்கு ஒகுலர், எவின்ஸ். ஆனா குரோம்ல இந்தப் பட்டியல் கிடையாது, மேக்ல வர்ற ப்ரிவ்யூலயும் கிடையாது. அதுங்க பொதுப் பட்டியல்ல ஆன்னு இருக்கறதைக் காட்டிட்டுச் சும்மா இருந்துடும். செமினார் ஹால்ல புராஜெக்ட் காட்டப் போறவங்க இதைக் கேட்டுக்கோங்க. அந்த கம்ப்யூட்டர்ல பி.டி.எஃப். எதுல திறக்குதுன்னு முன்னாடியே ஒரு தடவை பாருங்க. குரோம்ல திறந்துச்சுன்னா எக்ஸாமினர் முன்னாடி கண் படத்தைத் தேடிக்கிட்டு நிக்க வேண்டியதுதான்.

போன் ஆப்கள்ல பலதுல லேயரைத் தட்ட வழியே இல்லை. அதனால என் தீர்ப்பு, கோபிச்சுக்காதீங்க: லேயர் ஃபைல் ஆபீஸ்ல இருக்கறவங்களுக்கு. சண்டையைக் கண்டுபிடிக்கறது, திருத்தறது எல்லாம் அதுல. சைட்டுக்கு அதே டிராயிங்ல இருந்து ரெண்டு சாதாரண ஷீட் தனியா போகட்டும்: சுவரும் கரன்ட்டும் ஒண்ணு, சுவரும் பைப்பும் ஒண்ணு. காடி வெட்டற ஆளு ஒரு கையில உளி, ஒரு கையில சுத்தியலோட நிக்கறப்போ லேயரைத் தேடச் சொல்றது நியாயமா சொல்லுங்க?

இன்னொண்ணு. மறைச்சது ரகசியம் ஆகாது. ரேட் எழுதின லேயர், லாக்கர் இருக்கற இடம், ஓனரோட திட்டு... இதையெல்லாம் ஒரு லேயர்ல போட்டு ஆஃப் பண்ணி அனுப்பினா, வாங்கினவர் ஒரே தட்டுல பார்த்துடுவார். கோடு ஃபைல்லயேதானே இருக்கு! வெளியே போகக்கூடாத லேயரைக் கேட்லயே ஃப்ரீஸ் பண்ணிட்டு பிளாட் போடுங்க. முதல்ல பயலை ஏமாத்தின அதே குணம் இங்கே உதவிக்கு வரும்.

திங்கட்கிழமை காலையில பயல் ரெண்டு ஷீட்டையும் பிரின்ட் எடுத்துட்டு சைட்டுக்குப் போனான். எலக்ட்ரீஷியன் அண்ணன் வாங்கிப் பார்த்துட்டு, "தம்பி, இதை சனிக்கிழமையே கொடுத்திருந்தா நான் ஏன் அங்கே வெட்டப் போறேன்?"னாராம். ஓட்டையைச் செங்கல் துண்டு வெச்சு அடைச்சு, கோழி வலை போட்டுப் பூசியாச்சு. கொத்தனாருக்கு அரைநாள் கூலியும் ஒரு சிமென்ட் மூட்டையும் பயலோட இன்டர்ன்ஷிப் காசுல இருந்து போச்சு. 'sir sonnathu' லேயரை மட்டும் இன்னும் அழிக்காம வெச்சிருக்கான். சார் எப்பவாவது கேட்டுட்டா..?